கேட்பதும் முடிவெடுப்பதும்: அரசு ஊழியர் மீதான துறை விசாரணையில் இயற்கை நீதி

தமிழக அரசு அலுவலகங்களில் '17பி' என்று சொன்னால் போதும், எதிரே இருப்பவர் முகம் மாறிவிடும். தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளில் 17(ஆ) விதியின்கீழ் வழங்கப்படும் குற்றச்சாட்டுக் குறிப்பாணையைத்தான் ஊழியர்கள் அப்படிச் சொல்கிறார்கள். கண்டனம் போன்ற சிறு தண்டனைக்கு 17(அ) விதிப்படி எழுத்து விளக்கம் கேட்டால் போதும். பணிநீக்கம், பணியறவு போன்ற பெருந்தண்டனைக்கு 17(ஆ) விதிப்படி முறையான விசாரணை நடந்தாக வேண்டும். குற்றச்சாட்டு எழுத்தில் தரப்படும். ஊழியர் விளக்கம் கொடுப்பார். விசாரணை அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டுச் சாட்சிகளையும் ஆவணங்களையும் பார்த்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு தண்டனை அதிகாரம் உள்ளவர் முடிவெடுப்பார்.

இயற்கை நீதி என்று சட்டம் சொல்வது இரண்டே விதிகள். பாதிக்கப்படப்போகிறவர் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக்கூடாது என்பது ஒன்று. தன் வழக்கில் தானே நீதிபதியாக யாரும் அமரக்கூடாது, அதாவது முடிவெடுப்பவர் ஒருபக்கச் சார்பில்லாதவராக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இவை இன்று கிட்டத்தட்ட எல்லா அதிகார முடிவுகளுக்கும் பொருந்தும். ஆனால் இவை நெடுங்காலமாக மிக நுணுக்கமாகச் சோதிக்கப்பட்ட இடம் அரசு ஊழியர் மீதான ஒழுங்கு நடவடிக்கைதான். அந்தத் தீர்ப்புகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் துலங்கும். ஊழியருக்கு நோட்டீஸ் போனதா, அவர் பதில் வந்ததா என்பதைக் கொண்டு மட்டும் கேட்டார்களா இல்லையா என்று சொல்லிவிட முடியாது. கேட்ட நேரத்தில் முடிவு இன்னும் திறந்திருந்ததா? முடிவெடுத்தவர் கையில் இருந்ததெல்லாம் ஊழியர் கண்ணுக்கும் பட்டதா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் கோப்பில் விடை தேட வேண்டும்.

நவீன காலத்தில் இந்தச் சட்டம் உயிர்பெற்றது பிரிட்டனின் பிரைட்டன் நகரக் காவல்துறைத் தலைவர் சார்லஸ் ரிட்ஜின் வழக்கில். சதிக் குற்றச்சாட்டில் அவர் மீது நடந்த குற்றவியல் வழக்கில் அவர் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் 1958இல் நகரக் காவல் கண்காணிப்புக் குழு அவருக்கு அறிவிப்பே கொடுக்காமல் பணியறவு செய்தது. அதனால் ஓய்வூதிய உரிமையும் போனது. 1963இல் பிரபுக்கள் சபை அந்த ஆணை செல்லாது என்றது. நீதிமன்றத்தைப் போல இயங்கும் அமைப்புகள்தாம் கேட்க வேண்டும், நிர்வாக முடிவுக்கு அது தேவையில்லை என்று அதற்கு முன் சில பத்தாண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த வாதம் அத்துடன் பலமிழந்தது. இந்தியாவில் அந்த வேறுபாட்டை ஏறக்குறைய அழித்தது 1969ஆம் ஆண்டின் கிரைபக் வழக்கு. அதைப் பிறகு பார்ப்போம்.

முதல் குறை குறிப்பாணையிலேயே தொடங்கிவிடும். குற்றச்சாட்டு எந்த நாள், எந்தச் செயல், எந்த விதிமீறல் என்று தெளிவாக இல்லாவிட்டால் ஊழியர் எதற்கு விளக்கம் சொல்வார்? 'கடமையில் நேர்மையின்றி நடந்துகொண்டார்' என்று மட்டும் எழுதினால் அதற்கு ஆம், இல்லை தவிர வேறு பதிலே கிடையாது. இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. 2010இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஓரிக்ஸ் ஃபிஷரீஸ் வழக்கில் அது வெளிப்பட்டது. அது ஊழியர் வழக்கு அல்ல. மீன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் பதிவை ரத்து செய்யக் கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. சரக்கு குறைபாடுள்ளது என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிவிட்டது என்று அந்த நோட்டீஸிலேயே எழுதியிருந்தது. நிரூபணமான பிறகு விளக்கம் எதற்கு? மூடிய மனத்தோடு அனுப்பிய நோட்டீஸ், பிறகு வந்த விசாரணை முழுவதையும் கெடுத்துவிட்டது என்று நீதிமன்றம் கூறியது. குறிப்பாணையை எழுதும் பிரிவு அலுவலர்கள் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்க வேண்டும். 'குற்றம் புரிந்துள்ளீர்' என்பதற்கும் 'புரிந்ததாகக் குற்றஞ்சாட்டப்படுகிறது' என்பதற்கும் உள்ள தூரம், ஒரு விசாரணை நிற்பதற்கும் விழுவதற்கும் உள்ள தூரம்.

அடுத்தது ஆவணம். உத்தரப்பிரதேசக் காவல்துறைக் கண்காணிப்பாளர் காசிநாத் தீட்சிதர் 1967இல் பணியறவு செய்யப்பட்டார். அவருக்கு எதிராக 38 சாட்சிகள், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீண்ட 112 ஆவணங்கள். முன்கூட்டியே பதிவான சாட்சி வாக்குமூலங்களுக்கும் ஆவணங்களுக்கும் நகல் கேட்டார். நகல் கிடையாது, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளலாம், சுருக்கெழுத்தாளரை உடன் அழைத்துவரக்கூடாது என்று பதில் வந்தது. ஒரு மனிதர் கையால் குறிப்பெடுத்து அவ்வளவு பேரையும் குறுக்கு விசாரணை செய்துவிட முடியுமா? சாட்சி முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் உள்ள முரணைக் காட்டுவதுதான் குறுக்கு விசாரணையின் முதல் வேலை. முன்பு சொன்னது கையில் இல்லாமல் அதைச் செய்யவே முடியாது. நகல் கொடுப்பதால் அரசுக்கு என்ன கெட்டுப்போகும் என்பதை அரசால் சொல்ல முடியவில்லை. 1986இல் உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. பணியறவுக்கும் தீர்ப்புக்கும் இடையே கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள்.

இந்தத் துறையில் மிக நீண்ட சண்டை நடந்தது விசாரணை அறிக்கையின் நகலைப் பற்றித்தான். அதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கேட்பது எந்தப் புள்ளியில் உள்ளீடற்றதாகிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

அரசமைப்புச் சட்டத்தின் 311(2) பிரிவு, அரசு ஊழியரைப் பணியறவோ பணிநீக்கமோ பதவி இறக்கமோ செய்யுமுன் அவருக்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும் என்கிறது. 1957இல் கேம்சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இரண்டு வாய்ப்புகளாகப் பொருள்கொண்டது. குற்றச்சாட்டை மறுக்க ஒன்று, விசாரணை முடிந்து உத்தேசத் தண்டனை தெரிந்தபின் அதைப் பற்றிச் சொல்ல மற்றொன்று. 1963இன் 15ஆவது திருத்தம் இரண்டாவது வாய்ப்பைச் சட்ட வாசகத்திலேயே வெளிப்படையாக எழுதியது. தண்டனை பற்றிய நோட்டீஸோடு விசாரணை அறிக்கையும் சேர்ந்து வந்ததால், அறிக்கையில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று ஊழியருக்கும் தெரிந்தது. 1976இன் 42ஆவது திருத்தம் தண்டனை பற்றிய வாய்ப்பை நீக்கியது. உடனே பல துறைகள் அறிக்கை நகலையும் நிறுத்திக்கொண்டன. இரண்டாவது நோட்டீஸ் இல்லையென்றால் அறிக்கை எதற்கு என்பது அவற்றின் கணக்கு.

அந்தக் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை. விசாரணை அலுவலர் முடிவெடுப்பவர் அல்லர். அவர் கண்டறிந்ததை மேலே அனுப்புகிறார், முடிவெடுப்பவர் வேறொருவர். முடிவெடுப்பவர் சாட்சிகளின் முகத்தைப் பார்த்ததில்லை, அவர் பார்ப்பது அறிக்கையைத்தான். அறிக்கையில் சாட்சியைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம், ஊழியர் கொடுத்த ஆவணத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம், விசாரணையில் பேசப்படாத ஒன்று நுழைந்திருக்கலாம். ஆனால் அந்தத் தாளைப் பார்க்க உரிமையில்லாத ஒரே மனிதர் அதனால் வேலையிழக்கப்போகிறவர். 1990 நவம்பர் 20 அன்று முகமது ரம்சான் கான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் திருத்தியது. 42ஆவது திருத்தம் தண்டனை பற்றிய வாய்ப்பைத்தான் நீக்கியது, குற்றம் பற்றிய விசாரணை முடிவெடுப்பவர் மேசையில்தான் முடிகிறது, ஆகவே அறிக்கை நகலைத் தந்தே ஆக வேண்டும் என்றது. 1993இல் கருணாகர் வழக்கில் ஐந்து நீதியரசர் கொண்ட அமர்வு அதை உறுதி செய்தது. நகல் பெறும் உரிமை அரசு ஊழியருக்கு மட்டுமன்று, பொதுத்துறை, தனியார் நிறுவன ஊழியருக்கும் உண்டு என்றும் விரித்தது.

கருணாகர் தீர்ப்பின் மறுபக்கமும் தெரிய வேண்டும். நகல் தரவில்லை என்பதற்காகத் தண்டனை தானாகவே விழுந்துவிடாது. நீதிமன்றம் முதலில் நகலைத் தரச் செய்து, அது முன்பே கிடைத்திருந்தால் முடிவு வேறாகியிருக்குமா என்று பார்க்க வேண்டும். ஆகியிருக்கும் என்றால் ஆணையை ரத்து செய்யலாம். அப்போதும் ஊழியர் சம்பள நிலுவையோடு வீடு திரும்புவதில்லை. விசாரணைக்காக மட்டும் மீண்டும் பணியில் சேர்க்கப்பட்டு, தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்படலாம். நகல் கொடுத்த கட்டத்திலிருந்து நடவடிக்கை தொடரும். நிலுவைச் சம்பளம் கடைசி முடிவைப் பொறுத்தது. வழக்கில் வென்றதாக நினைக்கும் பலர் இந்த இடத்தில்தான் அதிர்ந்துபோகிறார்கள்.

இதே கேள்வி தலைகீழாகவும் வரும். விசாரணை அலுவலர் குற்றம் நிரூபணமாகவில்லை என்று எழுதி, மேலதிகாரி அதை ஏற்காவிட்டால்? 1998இல் பஞ்சாப் நேஷனல் வங்கி வழக்கில் இதற்கு விடை கிடைத்தது. மேலதிகாரி மாறுபடலாம், ஆனால் தாம் மாறுபடும் காரணங்களை முதற்கட்டக் கருத்தாக எழுதி, ஊழியருக்குத் தந்து, அவர் பதிலைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். 'முதற்கட்டக் கருத்து' என்பதுதான் இதில் உயிர். அடுத்த ஆண்டே வந்த யோகிநாத் பாக்டே வழக்கில், நீதித்துறை அலுவலர் ஒருவரைப் பற்றி ஒழுங்குக் குழு குற்றம் நிரூபணம் என்று இறுதியாகவே முடிவுசெய்துவிட்டு, தண்டனைக்கு மட்டும் விளக்கம் கேட்டது. நோட்டீஸ் போனது, பதிலும் வந்தது, காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் குற்றம் பற்றிய முடிவு பூட்டப்பட்ட பிறகே கதவு தட்டப்பட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு கோப்பில் கேட்டல் உண்மையா பொய்யா என்று அறிய எனக்குத் தெரிந்த நம்பகமான வழி இதுதான்: முடிவு எழுதப்பட்ட தேதியையும் விளக்கம் கேட்ட தேதியையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

இனி சார்பு. இதில் இந்தியச் சட்டம் சொன்ன மிகத் தெளிவான கதை கிரைபக் வழக்கு. 1966இல் இந்திய வனப் பணி தொடங்கப்பட்டபோது, ஜம்மு காஷ்மீர் மாநில அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஒரு தனி வாரியம் அமைந்தது. மாநிலத் தலைமை வனப் பாதுகாவலர் அதில் உறுப்பினர். அந்தப் பொறுப்பில் தற்காலிகமாக இருந்த நக்ஷ்பந்தே அந்தப் பணிக்கு விண்ணப்பதாரரும்கூட. தம் பெயர் வந்தபோது அவர் எழுந்து வெளியே போனார். ஆனால் போட்டியாளர்களின் பெயர்கள் வந்தபோது உள்ளே இருந்தார், முன்னுரிமைப் பட்டியல் தயாரித்தபோதும் இருந்தார். பட்டியலின் உச்சியில் அவர் பெயர். அவர் எங்களை எந்த வகையிலும் பாதிக்கவில்லை என்று மற்ற உறுப்பினர்கள் சொன்னதை நீதிமன்றம் போதுமானதாகக் கொள்ளவில்லை. ஒரு குழுவில் ஒருவர் மற்றவர்மேல் செலுத்தும் தாக்கம் நுட்பமானது, அதற்குச் சாட்சி கிடைக்காது. சார்பு உண்மையில் வேலைசெய்ததா என்பதை விட்டு, சார்புக்கு நியாயமான வாய்ப்பு இருந்ததா என்று பார்த்தால் போதும் என்று முழுத் தேர்வையும் ரத்து செய்தது. இது நிர்வாக நடவடிக்கைதானே என்ற வாதத்தையும் ஒதுக்கியது.

இன்னும் கூர்மையானது ரஞ்சித் தாக்கூர் வழக்கு. அவர் ராணுவத்தில் சிக்னல் பிரிவுச் சிப்பாய். தம்மைக் கொடுமைப்படுத்துகிறார் என்று கமாண்டிங் ஆபீசர் மீது நேராக மேலதிகாரிகளுக்குப் புகார் அனுப்பினார். முறைப்படி அனுப்பவில்லை என்று அவருக்கு 28 நாள் கடுங்காவல். அதை அனுபவிக்கும்போதே, 1985 மே 29 அன்று, உணவு உண்ணச் சொன்ன ஆணையை மறுத்தார் என்று புதிய குற்றச்சாட்டு. மறுநாள் கூடிய சுருக்க ராணுவ நீதிமன்றத்தில் அமர்ந்தவர்களில் ஒருவர் அதே கமாண்டிங் ஆபீசர். ஓராண்டுச் சிறை, பணியறவு என்று தீர்ப்பு வந்தது. 1987இல் உச்ச நீதிமன்றம் அதைத் துடைத்தெறிந்தது. 'நான் சார்பாக இருக்கிறேனா' என்று நீதிபதி தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வது சரியான வழியல்ல, எதிரே நிற்பவரின் மனத்தைப் பார்க்க வேண்டும் என்று அதில் கூறியது. சாப்பிட மறுத்ததற்கு இவ்வளவு கடுமையான தண்டனை என்பதும் நீதிமன்றத்தின் மனச்சான்றை உறுத்தியது.

அலுவலக விசாரணைகளில் சார்பு இவ்வளவு அப்பட்டமாக வருவதில்லை. பெரும்பாலும் அது பாத்திரங்கள் கலந்துபோவதில் வரும். குற்றம் சாட்டும் தரப்பை முன்வைக்கத் தனி அலுவலர் இல்லாதபோது, விசாரணை அலுவலரே சாட்சிகளை முதல் விசாரணை செய்து, ஊழியரைக் குறுக்கு விசாரணையும் செய்துவிடுகிறார். 2018இல் ராம் லக்கன் சர்மா வழக்கில், அப்படிக் குற்றஞ்சாட்டுபவராக மாறிவிட்ட விசாரணை அலுவலரின் விசாரணை நிற்காது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தெளிவுக்காகக் கேள்வி கேட்பது வேறு, ஒரு பக்கத்தின் வழக்கை நடத்துவது வேறு. கோப்பில் இதைக் கண்டுபிடிக்க எளிது: கேள்விகள் எந்தத் திசையில் போகின்றன, சாட்சி தடுமாறும்போது கைகொடுப்பது யார் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கேட்காமலே வெளியேற்ற அரசமைப்புச் சட்டம் வழிவிட்டிருக்கும் இடங்களும் உண்டு. 311(2) பிரிவின் இரண்டாவது வரம்புரை மூன்றைச் சொல்கிறது: குற்றவியல் தண்டனை பெற்ற நடத்தை, விசாரணை நடத்துவது நடைமுறையில் இயலாது என்று எழுத்தில் காரணம் பதிந்த நிலை, நாட்டின் பாதுகாப்பு. 1985இல் துளசிராம் படேல் வழக்கில் இவை செல்லும் என்று தீர்ப்பானது. பிறகு மேல்முறையீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அதன் ஆறுதல். அந்த ஆறுதலின் எடை எவ்வளவு என்று தமிழ்நாடு 2003 ஜூலையில் கண்டது. வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 இலட்சம் அரசு ஊழியர், ஆசிரியர்களை அரசு எஸ்மா சட்டத்தின்கீழ், விசாரணையின்றிப் பணியறவு செய்தது. தனித்தனியாக யார் வேலைநிறுத்தத்தில் இருந்தார், யார் நோயில் இருந்தார், யார் விடுப்பில் இருந்தார் என்று கேட்க ஒரு நிமிடமும் ஒதுக்கப்படவில்லை. ஆகஸ்ட் 6 அன்று ரங்கராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேலைநிறுத்தம் செய்ய உரிமையில்லை என்று கடுமையாகச் சொன்னது. அதே வேளையில், நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் பெற்றுப் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள அரசு சம்மதித்தது. எஞ்சியவர்களின் முறையீட்டை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதியரசர் மூவர் பார்க்க வேண்டும் என்று ஏற்பாடானது. கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு, கடைசியில் மூன்று நீதியரசர்களை அமர்த்த வேண்டியிருந்தது. அவசரத்தில் மிச்சமானது எதுவும் இல்லை.

இப்போது சட்டம் நிற்கும் இடம் எனக்குக் கவலை தருகிறது. 1980இல் புதுடெல்லி நகராட்சிக் குழு வழக்கில் நீதியரசர் சின்னப்ப ரெட்டி, கேட்காமல் விட்டதே பாதிப்புதான், தனியாகப் பாதிப்பை நிரூபிக்கத் தேவையில்லை என்று எழுதினார். 1996இல் பாட்டியாலா ஸ்டேட் வங்கி வழக்கிலிருந்து காற்று திசைமாறியது. அங்கே சாட்சி வாக்குமூல நகல் தரப்படவில்லை, ஆனால் விசாரணைக்கு மூன்று நாளுக்கு மேல் முன்பே பார்த்துக் குறிப்பெடுக்க விட்டிருந்தார்கள். பாதிப்பு எதுவும் காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் தண்டனையை நிலைநிறுத்தியது. அந்த வழக்கின் உண்மைகளுக்கு அது பொருத்தமாக இருக்கலாம். அறிவிப்பே தராதது வேறு, தந்த முறையில் சிறு குறை வேறு என்று அதே தீர்ப்பு பிரித்தும் காட்டியது. ஆனால் அதற்குப் பிந்தைய தீர்ப்புகளில் 'பாதிப்பைக் காட்டு' என்பது பொது விதியாகிக்கொண்டு வருகிறது. கேட்கப்படாதவர் என்ன சொல்லியிருப்பார் என்பதைக் கேட்காத நிர்வாகமும், ஆண்டுகள் கழித்துக் காகிதம் மட்டும் பார்க்கும் நீதிமன்றமும் எப்படி அறியும்? அசைக்க முடியாதது என்று தோன்றிய குற்றச்சாட்டு, ஒரே ஒரு கேள்வியில் சரிந்த விசாரணைகள் உண்டு. அறிவிப்பும் அறிக்கையும் போன்ற அடிப்படைப் படிகளில் இந்தச் சோதனையை வைக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. வைத்தால், தவறு செய்த அலுவலகத்துக்கு லாபம், தவறிழைக்கப்பட்டவருக்கு நிரூபிக்கும் சுமை.

சரியாக இருந்தும் தோற்றவர்கள் உண்டு. உத்தரப்பிரதேசத் தலைமைக் காவலர் முகமது நூ மீதான விசாரணையில் தலைமை தாங்கிய அதிகாரியே சாட்சியாகவும் மாறினார். அந்த விசாரணை நீதியுணர்வைப் புண்படுத்துகிறது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆணை 1948இல், அரசமைப்புச் சட்டம் வருமுன் பிறந்தது என்பதால் அவருக்கு நிவாரணமில்லை. அதே ஆண்டு, ராஜஸ்தான் வழக்கறிஞர் மானக் லால் மீதான ஒழுங்கு விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், முன்பு எதிர்த்தரப்புக்காக வாதாடியவர். குழு அமைப்பு தவறு என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் குழுவின் முன் இருந்தபோது மானக் லால் வாய்திறக்கவில்லை, அறிக்கை பாதகமாக வந்த பிறகே எதிர்ப்பு சொன்னார், ஆகவே அந்த உரிமையை அவரே கைவிட்டதாகக் கொண்டு மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டது.

குறிப்பாணை கைக்கு வந்தவர்களுக்கு இந்தக் கடைசி வழக்குதான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். விசாரணை அலுவலர் மீது நியாயமான ஐயம் இருந்தால் அதை முதல் அமர்விலேயே எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கேட்ட ஆவணம் மறுக்கப்பட்டால், எந்த ஆவணம், எதை மறுக்க அது தேவை என்று குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள். விசாரணை அறிக்கை வந்தால், அதில் கவனிக்காமல் விட்ட சாட்சியத்தைப் பக்க எண்ணோடு சுட்டிக்காட்டுங்கள். நாளை பாதிப்பை நிரூபிக்கச் சொல்லும் நீதிமன்றத்தின் முன் உங்களிடம் இருக்கப்போவது அந்தக் கடிதங்கள் மட்டுமே.